குரங்குக்குப் பெயர் உண்டு, பங்கா இழுத்தவருக்கு இல்லை: பயண எழுத்தில் எழுதுபவர் எங்கே நிற்கிறார்?

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது பயணக் கட்டுரை எழுதி, அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவத் தொடங்கினால் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், "நம்ம ஊரைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்கார்" என்பார்கள். இன்னொரு பக்கம், "நம்மள என்னமோ மிருகக்காட்சி சாலையில பார்த்த மாதிரி எழுதியிருக்கான்" என்பார்கள். இருவரும் படித்தது ஒரே கட்டுரை. அதில் திட்டு எதுவும் கிடையாது, பொய்யும் கிடையாது. அப்படியிருந்தும் ஏதோ உறுத்துகிறது. அது எதுவென்று கேட்டால் சுட்டிக்காட்டத் தெரிவதில்லை.

அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு தேவை. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய கோலகங்சாரில், 1879இல் நடந்த ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

## முதலில், 'நிலைப்பாடு' என்றால் என்ன

பயண நூலும் பயண வழிகாட்டியும் ஒன்றல்ல. பேருந்து எத்தனை மணிக்கு, அறை வாடகை எவ்வளவு என்று சொல்வது வழிகாட்டி. வாடகை ஏறியதும் அது பழசாகிவிடும். பயண நூலில் ஒருவர் ஓர் இடத்துக்குப் போகிறார், பார்க்கிறார், அந்தப் பார்வையை மொழியில் நமக்குத் தருகிறார். நூறு வருடம் கழித்தும் அதைப் படிப்பதற்குக் காரணம் இடம் மட்டுமல்ல, பார்த்த ஆளும்தான்.

பயண நூலில் வரும் 'நான்' உண்மையில் இரண்டு பேர். ஒருவர் அன்று யானை மேல் உட்கார்ந்து இடுப்பு வலித்த பயணி. மற்றவர், ஊருக்குத் திரும்பி மேசையில் உட்கார்ந்து, எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று முடிவு செய்த கதைசொல்லி. இவர்களுக்கு அப்பால் மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார்: யாருக்காக இது எழுதப்படுகிறதோ அந்த வாசகர். பெரும்பாலும் அவர் பயணியின் ஊரைச் சேர்ந்தவர், பார்க்கப்பட்ட ஊரைச் சேர்ந்தவர் அல்ல.

நிலைப்பாடு என்பது எழுதுபவர் வெளிப்படையாகச் சொல்லும் கருத்து அல்ல. "இந்த மக்கள் நல்லவர்கள்" என்பது கருத்து. நிலைப்பாடு அதற்கு அடியில் இருக்கிறது: அவர் யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார், யாரை ஆளாக எண்ணுகிறார், யாரைக் காட்சியாக எண்ணுகிறார், யாரிடம் பேசுகிறார், யாரைப் பற்றி மட்டும் பேசுகிறார். கருத்து இனிப்பாக இருந்து நிலைப்பாடு கசப்பதும் உண்டு, அதற்கு நேர்மாறாக அமைவதும் உண்டு. ஊர் இரண்டாகப் பிரிவதன் காரணம் இதுதான். ஒரு கட்சி கருத்தைப் படித்தது, மறு கட்சிக்கு நிலைப்பாடு தட்டியது.

## கோலகங்சார், பிப்ரவரி 1879

இஸபெல்லா பேர்ட் இங்கிலாந்துக்காரர், அந்தக் காலத்தில் புகழ்பெற்ற பயணி. ஜப்பானில் சுற்றிவிட்டு 1879 தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்தார். மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் என்று சில வாரங்கள் சுற்றினார். வழியில் தன் தங்கை ஹென்ரியட்டாவுக்குக் கடிதங்கள் எழுதினார். தங்கை 1880இல் இறந்துபோனார். கடிதங்கள் திருத்தப்பட்டு 1883இல் நூலாக வந்தன. பண்டைய கிரேக்க நிலவியலாளர்கள் இந்தத் தீபகற்பத்துக்கு வைத்த 'பொன் தீபகற்பம்' என்ற பெயரே நூலின் தலைப்பிலும் வருகிறது. அதனால் 'அன்றைக்கே எழுதியது' போன்ற சுடச்சுட வாசனை அதில் வீசினாலும், இடையில் நான்கு வருடமும் ஒரு திருத்தும் கையும் இருக்கின்றன. கடித வடிவம் என்பதாலேயே ஒளிவுமறைவு இல்லாதது என்று நம்பிவிடக் கூடாது.

தைப்பிங்கிலிருந்து யானைச் சவாரி செய்து அவர் கோலகங்சார் வருகிறார். பேராக்கில் ஆலோசகர் என்ற பெயரில் நிர்வாகத்தை நடத்திய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ ஊரில் இல்லை. அவருடைய பங்களாவில் பட்லர் அசாம் வரவேற்கிறார். அசாம் ஒரு மதராஸ்காரர். குளித்து முடித்ததும் சாப்பாடு தயார் என்கிறார். பெட்டி இன்னும் வந்து சேராததால், சேறு படிந்த அதே உடுப்பில்தான் பேர்ட் நிற்கிறார். மேசையில் மூன்று பேருக்குத் தட்டு வைத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல். அரசாங்க அலுவலர் இரண்டு பேர் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வரப்போகிறார்கள், தனிமையில் இருக்கலாம் என்ற கனவு போச்சு என்று வராந்தாவில் தயங்கி நிற்கிறார்.

வந்தவர்கள் அலுவலர்கள் அல்ல. அசாம் ஒரு பெரிய குரங்கைக் கூட்டிவருகிறார். மலாய் வேலையாள் ஒரு சின்னக் குரங்கைத் தூக்கிவருகிறான். ஒரு சீக்கியர் பெரிய நாய் ஒன்றைக் கொண்டுவந்து பேர்ட்டின் நாற்காலியில் கட்டுகிறார். எல்லாம் ஒரு சடங்கு போலச் சிரிப்பே இல்லாமல் நடக்கிறது. குரங்குகளுக்கும் பீங்கான் தட்டில் கறி, சட்னி, அன்னாசி, முட்டை, வாழைப்பழம். பெரியது பரிமாறும் பாத்திரத்திலிருந்தே பறித்துத் தின்கிறது. சின்னது மேசை மேல் ஏறி அவர் தட்டிலிருந்து நாசூக்காக எடுத்துக்கொள்கிறது. இப்படி ஒரு விருந்தை மறுபடி எப்போது அனுபவிப்பேன் என்று மகிழ்ந்துபோகிறார் பேர்ட். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத அருமையான தோழர்கள் என்கிறார்.

நன்றாக எழுதப்பட்ட பத்தி என்பதில் சந்தேகமில்லை. தன் சேற்று உடுப்பைத் தானே கேலி செய்கிறார், குரங்குகளைத் தன் நெருங்கிய சொந்தம் என்கிறார். படிக்கிறவர் சிரிக்காமல் இருக்க முடியாது. இப்போது அதே பத்தியைக் கொஞ்சம் மெதுவாகப் படிப்போம்.

1. அறையில் எத்தனை பேர்? பேர்ட், அசாம், ஒரு மலாய்ப் பையன், நாயைக் கட்டிய சீக்கியர், படிக்கட்டில் உட்கார்ந்து, கூரையில் தொங்கும் பெரிய விசிறியான பங்காவை இழுக்கும் ஒரு சீனர். மனிதர்களே ஐந்து பேர். ஆனால் பேர்ட் ஆசைப்பட்டது தனிமைக்கு, கிடைத்ததாக அவர் உணர்வதும் தனிமைதான். அந்தத் தனிமையைக் கெடுக்கக்கூடியவர்கள் அலுவலர்கள் மட்டும்தான். மற்ற நான்கு பேர் இருந்தாலும் அவர் தனியாகத்தான் இருக்கிறார். அவர்களைப் பற்றி அவர் ஒரு கெட்ட சொல்லும் எழுதவில்லை. எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

2. யாருக்குப் பெயர்? அசாமுக்கு உண்டு. குரங்குகளுக்கும் உண்டு: பெரியது மஹ்மூத், சின்னது இப்லீஸ். அடுத்து வரும் பக்கங்களில் அவற்றின் குணம், கோபம், குறும்பு எல்லாம் விரிவாக வருகின்றன. பங்கா இழுத்தவர் 'ஒரு சீனர்', சின்னக் குரங்கைக் கொண்டுவந்தவன் 'ஒரு மலாய்ப் பையன்'.

3. எந்த வரிசையில் யார்? சாப்பாட்டுக்கு முன் ஒரு வருணனை வருகிறது. தென்னைகள், பச்சைச் சரிவு, ஆற்றில் சாயங்கால வெயிலின் பொன், ஊதா மலைகள், சீக்கியக் காவலரின் கருத்த முகங்களும் சிவப்புச் சீருடையும், காற்றில் வரும் நறுமணம். மலைக்கும் மணத்துக்கும் நடுவே மனித முகங்கள் வருகின்றன. பட்டியலில் அவர்கள் நிறமாக இருக்கிறார்கள். பயண எழுத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் செயல் இது, இன்றும் நடக்கிறது. கோயில் திருவிழாவைப் பற்றி எழுதும்போது "மஞ்சள் சேலைகளும் பால்குடங்களும் மேளமும் புகையும்" என்று எழுதினால் அதுவும் இதே வேலைதான். குடம் தூக்கியவர் எங்கே?

4. யார் பேசுகிறார்? அசாம் பேசுகிறார், ஆனால் சாப்பாடு தயார் என்று சொல்வதற்கு மட்டும். அந்த ஆங்கிலச் சொல்லையும் பேர்ட் மேற்கோள் குறிக்குள் வைத்துக் கொஞ்சம் சிரிக்கிறார். அது காலை உணவு என்று அசாம் சொன்னதாகவும் ஒரு செல்லக் கிண்டல். அப்புறம், அசாம் மலாக்காவில் பார்த்த பாபு என்ற பட்லரைவிட அழகானவர், கம்பீரமானவர் என்று பாராட்டுகிறார். பாராட்டுதான். ஆனால் ஒரு பட்லரை இன்னொரு பட்லரோடு நிறுத்தி அளப்பது, சந்தையில் இரண்டு குதிரைகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது போல இருக்கிறது. புகழ்ச்சியிலும் ஒருவர் கீழே நிற்க முடியும்.

பேர்ட்டின் பக்கம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. சோம்பேறி எழுத்தாளராக இருந்திருந்தால் "வேலையாட்கள் பரிமாறினார்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். அசாம் என்ற மதராஸ்காரர் ஒருவர் 1879இல் அந்த வராந்தாவில் நின்றார் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பேர்ட் கண் கூர்மையானவர். பார்த்ததை ஒன்று விடாமல் எழுதினார். அந்தத் துல்லியம்தான் அவரைத் தாண்டி நாம் பார்க்க இடம் கொடுக்கிறது. நல்ல பயண நூல்கள் பலவும் இப்படித்தான், எழுதியவரின் நிலைப்பாட்டைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியில் இன்னொன்றும் தட்டுப்படும். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டிருந்தன. குரங்கு விருந்து நடந்தபோது அவற்றை அங்கே நட்டு இரண்டு வருடம்கூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். அன்றைக்கு அவை யாருக்கும் பெரிய செய்தி இல்லை. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றப் போகிற கித்தா மரம் அது. அந்த மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. பயணி எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும், எது முக்கியம் என்பதை அன்றைய விருந்து மேசை முடிவு செய்துவிடுகிறது.

## யார் வீட்டுச் சோறு?

பேர்ட்டின் நூல் வந்து இரண்டு வருடத்தில், 1885இல், அதற்குப் பதிலாகவே ஒரு நூல் வந்தது. எழுதியவர் எமிலி இன்ஸ். கணவர் ஜேம்ஸ் இன்ஸ் கோல லங்காட்டில் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழ்நிலை அதிகாரி, பிறகு பேராக்கிலும் வேலை பார்த்தார். நூலின் தலைப்பிலேயே குத்தல்: அதே பொன் தீபகற்பம், ஆனால் முலாம் உதிர்ந்தது.

எமிலி இன்ஸ் பார்த்த மலாயா வேறு. மழை, கொசு, பேச ஆள் இல்லாத நாட்கள், மேலதிகாரிகளின் அலட்சியம். 1878 அக்டோபரில், அதாவது குரங்கு விருந்துக்குச் சில மாதங்கள் முன்பு, அவர் பங்கோர் தீவில் ஓர் அதிகாரியின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். இரவில் அந்த வீடு தாக்கப்பட்டது. வீட்டுக்காரரான அதிகாரி கேப்டன் லாய்ட் கொல்லப்பட்டார். எமிலி காயத்தோடு தப்பினார்.

இதில் ஆச்சரியம், பேர்ட் பொய் சொன்னதாக எமிலி குற்றம் சாட்டவில்லை. அவர் எழுதியதும் உண்மை, நான் எழுதியதும் உண்மை என்கிறார். பிறகு வித்தியாசத்துக்குக் காரணம் சொல்கிறார்: பேர்ட் புகழ்பெற்றவர். போன இடமெல்லாம் அரசாங்கப் படகும் அதிகாரிகளின் வீடும் அவருக்காகக் காத்திருந்தன. தன்னைப் பற்றி நூலில் நல்லபடியாக வரும் என்ற ஆசையும் சில அதிகாரிகளுக்கு இருந்திருக்கலாம். எனக்கோ அது எதுவும் இல்லை.

பயண எழுத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் பின்னால் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரத்தை எமிலி 1885இலேயே தொட்டுவிட்டார் என்பது என் எண்ணம். பயணி எதைப் பார்க்கிறார் என்பதை அவருடைய மனசு மட்டும் தீர்மானிப்பதில்லை. அவரை அழைத்துப் போனது யார், படுக்க இடம் கொடுத்தது யார், எந்த மொழியில் கேள்வி கேட்டார், எத்தனை நாள் இருந்தார் என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ரெசிடெண்ட் வீட்டில் சாப்பிட்டவருக்கு ரெசிடெண்ட் ஆட்சி ஒழுங்காகத் தெரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த வராந்தாவிலிருந்து தெரிவது அவ்வளவுதான்.

ஆனால் "நீண்ட நாள் இருந்தவர் சொல்வதே உண்மை" என்று இதைச் சுருக்கிவிடவும் கூடாது. எமிலிக்கு அரசாங்கத்தின் மேல் தீராத மனக்குறை இருந்தது. கணவர் வேலையை விட்டது வரையிலான வழக்கை வாசகர் முன் வைப்பதும் நூலின் நோக்கம். தன்னைச் சுற்றியிருந்த மலாய்க்காரர்களையும் சீனர்களையும் பற்றி அவர் எழுதுவதில் சலிப்பும் இளக்காரமும் நிறையவே உண்டு. அதிகாரிகளிடம் அடிபட்டவர் என்பதால் வேலைக்காரரை ஆளாகப் பார்த்துவிடுவார் என்று சொல்ல முடியாது. நீண்ட நாள் தங்கினால் தகவல் கூடுகிறது. நிலைப்பாடு தானாக மாறுவதில்லை.

## காலம் என்ற இலக்கணம்

இன்னொரு அடையாளம் வினைச்சொல்லில் இருக்கிறது. "நான் போனேன், நான் பார்த்தேன், எனக்குக் கால் வலித்தது" என்று பயணி தன்னைப் பற்றி இறந்த காலத்தில் எழுதுவார். அந்த ஊர் மக்களிடம் வந்ததும் நிகழ்காலத்துக்குத் தாவிவிடுவார்: "இவர்கள் எளிமையானவர்கள், மாலையில் வாசலில் உட்காருவார்கள், வெற்றிலை போடுவார்கள்." பயணிக்குக் கதை, மக்களுக்குப் பழக்கம். பயணியின் வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை வருகிறது, மக்களின் வாழ்க்கையில் எல்லா நாளும் ஒரே நாள்.

மானிடவியல் எழுத்தில் இந்தப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை யோஹானஸ் ஃபேபியன் என்ற அறிஞர் 1983இல் விரிவாக எழுதினார். நமக்கு முன்னால் உட்கார்ந்து பேசியவரை, எழுதும்போது மட்டும் வேறொரு காலத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறோம் என்பது அவர் வாதத்தின் மையம். "காலம் இங்கே நின்றுவிட்டது" என்ற வரி இதன் பச்சையான வடிவம்.

## தமிழில் மறைக்க முடியாதது

ஆங்கிலத்தில் எழுதிய பேர்ட்டுக்கு ஒரு வசதி இருந்தது. அசாமுக்கும் ரெசிடெண்ட்டுக்கும் படர்க்கையில் ஒரே சொல் போதும். தமிழில் அது நடக்காது. மேலே அந்தக் காட்சியை நான் சொன்னபோது அசாம் 'வரவேற்கிறார்', மலாய் வேலையாள் 'தூக்கிவருகிறான்' என்று எழுதியிருக்கிறேன். ஒரே அறையில் ஒருவருக்கு 'ர்', இன்னொருவருக்கு 'ன்'. அந்தப் பையனின் வயதைக் காரணம் காட்டி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அசாமுக்கு மரியாதை விகுதி கொடுத்தது என் முடிவு. அது பேர்ட்டின் நிலைப்பாடு அல்ல, என் நிலைப்பாடு. அறுபது வருடம் முன்பு இதைத் தமிழாக்கியிருந்தால் 'பட்லர் வந்தான்' என்றே எழுதப்பட்டிருக்கலாம்.

ஆக, தமிழில் பயணக் கட்டுரை படிக்கும்போது முதலில் வினைமுற்றுகளைப் பார்க்கலாம். எஸ்டேட் மேனேஜர் 'சொன்னார்', பால் மரம் வெட்டிய பெரியவர் 'சொன்னான்' என்று வந்தால் வேறு சான்று வேண்டாம். 'மூதாட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்' என்பது கொஞ்சம் நுட்பமான வகை. அதே எழுத்தாளர் தன் சொந்தப் பாட்டியை அப்படி எழுதுவாரா?

அடுத்தது 'நாம்', 'நாங்கள்'. 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளே சேர்க்கும், 'நாங்கள்' வெளியே நிறுத்தும். பயண எழுத்தில் 'நாம்' என்று வந்தால், யார் யாரை உள்ளே வைத்து அந்த வட்டம் போடப்படுகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

## நம் ஊருக்கு வருகிறவர்கள்

இனி வரும் மூன்று துண்டுகளும் விளக்கத்துக்காக நானே எழுதியவை. ஆனால் இந்த மாதிரி எழுத்தை எல்லாரும் படித்திருப்போம்.

> காலம் இங்கே நின்றுவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய லயன் வீடுகள். வாசலில் வெற்றிலை மென்றபடி ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறாள். அவள் கண்களில் நூறாண்டுச் சோகம்.

அனுதாபம்தான். ஆனால் காலம் நிற்கவில்லை என்பதற்கு அந்த மரமே சாட்சி. அங்கே முன்பு நின்றது கித்தா. அதை வெட்டிவிட்டுத்தான் செம்பனை வந்தது. செம்பனையையும் ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். அந்தம்மாவுக்கு 75 வயது என்றால், எழுத்தாளர் பழைமை என்று பார்க்கும் மரம் அவருடைய பேரப்பிள்ளை வயசுதான். இன்று அங்கே குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். துண்டில் அவர்கள் இல்லை, ஏனென்றால் 'நூறாண்டுச் சோகம்' என்ற படத்தில் அவர்கள் பொருந்த மாட்டார்கள். கண்ணில் சோகம் என்பதை எழுத்தாளர் எப்படிக் கண்டுபிடித்தார்? கேட்டிருந்தால், பென்ஷன் விஷயமாகப் பட்டணத்துக்குப் போன மகன் இன்னும் வரவில்லை என்ற எரிச்சல் என்று தெரிந்திருக்கும்.

> இங்குள்ள தமிழர்கள் பேசும் தமிழைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. நாம் தொலைத்துவிட்ட தமிழை இவர்கள் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களின் எழுத்தில் இது அடிக்கடி வரும். நமக்கும் கேட்க இனிக்கும், அதனால்தான் இதைப் பிரித்துப் பார்க்க மனசு வராது. இங்கே 'நாம்' யார்? சென்னையில் இருப்பவரும் அவருடைய வாசகரும். சுங்கை சிப்புட்காரர் அந்த 'நாம்' உள்ளே இல்லை, அவர் 'இவர்கள்'. அவர் தமிழைப் பேசவில்லை, பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். பத்திரிகையிலும் மேடையிலும் வரும் 'செம்பனை'யும் 'கைப்பேசி'யும் விருந்தாளியின் காதில் விழுந்தன. "பசார் போயி மீ தாப்பாவ் பண்ணிட்டு வந்துர்றேன்" என்று அதே ஆள் மகளிடம் சொன்னது விழவில்லை, அல்லது விழுந்தும் எழுதவில்லை. அதை எழுதினால் அருங்காட்சியகம் கலைந்துவிடும். மேலே அசாமுக்குக் கிடைத்த பாராட்டை நினைத்துப் பாருங்கள்.

> பழைய ஸ்டோரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அதுல என்ன இருக்கு, இந்தப் பக்கம் வாங்க" என்றார் கூட வந்த பெரியவர். புல் மண்டிய ஒரு சிமெண்ட் தரையைக் காட்டினார். ஆயாக் கொட்டகை இருந்த இடமாம். "எங்கம்மா பிரட்டுக்குப் போறப்ப இருட்டுலயே என்னை இங்க விட்டுட்டுப் போயிரும்" என்றார். படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

இதில் அழகான வருணனை எதுவும் இல்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரியவர் தீர்மானிக்கிறார். எழுத்தாளர் திருத்தப்படுகிறார், அந்தத் திருத்தத்தை மறைக்காமல் எழுதியும் வைக்கிறார். 'பிரட்டு' என்ற சொல் விளக்கம் இல்லாமல் அப்படியே நிற்கிறது. அதிகாலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தக் கூட்டம் தெரியாத வாசகர் கொஞ்சம் வெளியே நிற்கட்டும் என்று எழுத்தாளர் விட்டிருக்கிறார். இந்த ஒரு தடவை ஊர்க்காரர் உள்ளே, தூரத்து வாசகர் வெளியே.

சுங்கை சிப்புட்டுக்கு இன்னொரு கதவும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1960 வரை நீடித்த அவசரகாலம் அதைத் தொடர்ந்துதான் பிறந்தது. அதனால் வெளியார் எழுத்து பலவும் அந்த ஒரு காலைப்பொழுதின் வழியாகவே ஊருக்குள் நுழைகிறது. அதில் தவறில்லை, நடந்தது நடந்ததுதான். கட்டுரை அங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். சுட்டவர்கள், சுடப்பட்டவர்கள் ஆகியோருக்குப் பிறகு, மறுநாள் காலை பிரட்டுக்கு நின்ற தொழிலாளிகள் வருகிறார்களா? வராவிட்டால், 1879இன் பங்காக்காரர் இன்னும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

## இந்த வாசிப்பு எங்கே தடம் புரளும்

கையில் சுத்தியல் கிடைத்ததும் எல்லாம் ஆணியாகத் தெரியும் ஆபத்து இதிலும் இருக்கிறது. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

1. பழைய சொல். பேர்ட் தென்னிந்தியரைக் குறிக்க 'கிளிங்' என்று எழுதுகிறார். இன்று மலேசியாவில் அது வசைச்சொல். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல், அவர் காலத்து ஆங்கிலத்தில் அன்றாட வழக்கு. பினாங்கின் கப்பித்தான் கெலிங் மசூதியும் மலாக்காவின் தஞ்சோங் கெலிங்கும் அந்தக் காலத்தின் மிச்சம். சொல் இருக்கிறது என்பதால் மட்டும் வெறுப்பு இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அந்தச் சொல்லைச் சுற்றி வாக்கியம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதேபோல, நாகரிகமான சொல்லைப் போட்டுக்கொண்டும் ஒருவரைக் காட்சிப் பொருளாக்கலாம்.

2. விடுபடல். எல்லாரையும் எழுத யாராலும் முடியாது. ஒருவர் விடுபட்டதே குற்றம் அல்ல. நூல் முழுக்க ஒரே வகை ஆட்கள் விடுபட்டுக்கொண்டே இருந்தால்தான் அது அடையாளம். ஒரு பத்தியை வைத்து எழுத்தாளர் மேல் தீர்ப்பு எழுதக் கூடாது. இங்கே நான் பேர்ட்டின் ஒரு பத்தியைத்தான் எடுத்தேன். ஆகவே நான் சொன்னது அந்தப் பத்தியைப் பற்றியது.

3. சொந்த ஊர்க்காரர். உள்ளூர்க்காரர் எழுதினால் நிலைப்பாடு சரியாகிவிடும் என்று நம்புவது. கிராணியின் மகன் எழுதும் தோட்டமும் பால் வெட்டியவரின் மகள் எழுதும் தோட்டமும் ஒன்றல்ல. கிராணி வீடு லயத்தில் இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போய்ப் படித்து, முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து எழுதுபவரும் ஒரு பயணிதான். எந்த வீட்டில் சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியை அவரிடமும் கேட்கலாம்.

இதை எழுதுகிறவரிடமும் கேட்கலாம். அசாம் மதராஸ்காரர் என்பதைத் தவிர அவருடைய ஊரோ மொழியோ அந்தப் பத்தியில் இல்லை. அவர் தெலுங்கராகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் முதல் தடவை படித்தபோது, அவர் தமிழர்தான் என்று என் மனசு சட்டென்று முடிவு செய்துவிட்டது. அவரை நம்மவராக்கி மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன், பங்கா இழுத்த சீனரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவரை நான் கவனித்தது நான்காவது வாசிப்பில்தான்.